தரையில் விழுந்த கறுப்பு

கறை முதலில் தெரிந்தது கைப்பிடியிலா, தரையிலா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கதையைப் பலர் சொல்லிக் கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் தான் பார்த்ததுதான் முதலில் நடந்தது என்று சாதிக்கிறார்கள். பெரியவளைக் கேட்டால் தரை என்பாள். சின்னவனைக் கேட்டால் கைப்பிடி என்பான். எல்லோரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: கறையைப் பார்த்ததும் அந்த லிஃப்டுக்குள் இருந்த எல்லோரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

பெரியவள், சின்னவன் இரண்டும் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். இரட்டைப் பிள்ளைகள். சில நிமிடம் முந்திக்கொண்டு வந்தவள் பெரியவள், பின்னாலேயே வந்தவன் சின்னவன். நாற்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர்கள் உதிரவில்லை. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை. கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டி, மாதாமாதம் பராமரிக்கிற கம்பெனி அது. பெரியவள் சர்வீஸ் பிரிவில் பொறியாளர். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள். சின்னவன் விற்பனைப் பிரிவு. அவனை அங்கே சேர்த்துவிட்டவளே அவள்தான்.

இருவருக்கும் நரை ஒரே வருடத்தில் வந்தது. அப்பா வழிச் சொத்து. அவர் முப்பதிலேயே வெளுத்துப்போனவர். பிள்ளைகளுக்கும் முப்பது தாண்டியதும் காதோரம் ஆரம்பித்து, நெற்றிக்கு ஏறி, வகிடு வரை போனது. இரண்டு தலையிலும் ஏறக்குறைய ஒரே பாதை.

சின்னவன் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தோன்றவும் இல்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "உங்கள மாதிரி அனுபவஸ்தர் சொன்னா சரிதான் சார்" என்று பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவன் அந்தத் தொழிலுக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்று மாலை முடிதிருத்துபவரிடம் போய்க் காதோரத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விடச் சொன்னான்.

பெரியவள் நரையோடு இருந்தது ஒரு கோடைகாலம்தான். அந்தக் கோடையில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார்கள். "தூக்கம் இல்லையா?" என்றார்கள். "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அப்போதிருந்த பழைய முதலாளி நல்லவர், வெடுக்கென்று பேசத் தெரியாதவர். புதுக் கட்டடக்காரர்களைப் பார்க்கப் போகும்போது அவளுக்குப் பதிலாக வேறொருவனைக் கூட்டிக்கொண்டு போனார். "நீ ரெஸ்ட் எடும்மா" என்றார். அவளுக்குக் களைப்பே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பார்லருக்குப் போனாள்.

அதன்பிறகு பதினைந்து வருடங்கள் அந்த நாற்காலி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்த் தீரவேண்டும். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். கறுப்பு முடியில் அந்த அரை அங்குலம் வெள்ளையாக வந்து நின்றால், வகிட்டில் சுண்ணாம்புக்கோடு போட்டது போலத் தெரியும். நரைக்காதவளுக்கு அது இல்லை. நரைத்து அப்படியே விட்டவளுக்கும் இல்லை. மறைக்கிறவளுக்கு மட்டும்தான் அந்தக் கோடு. லிஃப்டுகளில் விளக்கு உச்சந்தலைக்கு மேலே இருக்கும், எதிரே கண்ணாடி இருக்கும். அவளுடைய வேலையே நாளெல்லாம் அவற்றுக்குள்தான். ஏறும்போது கண்ணாடியில் வகிட்டைப் பார்ப்பாள், இறங்கும்போதும் பார்ப்பாள்.

பார்லர்காரி வாயாடி. கிண்ணத்தில் சாயத்தையும் அதைப் பொங்கவைக்கிற வெள்ளைத் திரவத்தையும் சேர்த்துக் குழப்பி, தூரிகையால் வேரோரம் மட்டும் அப்பிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். முதல் தடவை மட்டும் பெரியவளின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, "ரெண்டு நாள் பாருங்க, அரிச்சா சொல்லுங்க" என்றாள். அரிக்கவில்லை. அதோடு அந்தச் சோதனை முடிந்தது. "பதினஞ்சு வருஷமா போடுற தலை, அதுக்கென்ன புதுசா டெஸ்டு?" என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

தப்பு அங்கேதான். உடம்பு ஒரு பொருளை வருடக்கணக்கில் சகித்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் அதை எதிரி என்று முடிவு கட்டிவிடும். பதினைந்தாவது வருடம் சாயம் போட்ட மறுநாள் காதுக்குப் பின்னால் அரித்தது. பெரியவள் ஒரு ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை கழுத்தோரம் நீர்கோத்த கொப்புளங்கள். மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனாள். ஒரு லிஃப்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விளக்கைப் பிடுங்கிப் போடுகிற மெக்கானிக்கை அவள் வேலையை விட்டே துரத்தியிருப்பாள். தன் தலைக்கு அதையேதான் செய்தாள்.

மூன்றாவது தடவை, காலையில் எழுந்தபோது கண் திறக்கவில்லை.

"யாரு குத்தினது?" என்றார் கணவர், பதறிப்போய். அவர் தலை முழு வழுக்கை. சாய விஷயத்தில் அவருக்குக் கருத்தே கிடையாது. "எனக்கு இருந்தாத்தானே நரைக்கும்" என்பது இருபது வருடமாக அவர் சொல்லும் ஒரே நகைச்சுவை. அன்று அதைச் சொல்லவில்லை. நெற்றி உப்பி, இமைகள் இரண்டும் பிதுங்கி மூடியிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

தோல் மருத்துவர் வீக்கம் வடிய மருந்து கொடுத்தார். சில வாரம் கழித்து வரச்சொல்லி, முதுகில் சிறு சிறு பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் இருக்கச் சொன்னார். பட்டைகளை எடுத்ததும் ஓரிடத்தில் மட்டும் தோல் சிவந்து தடித்திருந்தது.

"கறுப்பு நிறம் நிக்கறதுக்குன்னு சாயத்துல சேர்க்கற ஒரு பொருள் இருக்கு. அதுதான்" என்றார். "இனிமே அது உங்க தலையில படவே கூடாது. அடுத்த தடவை கண்ணோட நிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். மூச்சும் அடைக்கலாம்."

"அம்மோனியா இல்லாதது இருக்கே டாக்டர்?"

"அம்மோனியா நெடி அடிக்கும், அவ்வளவுதான். உங்களுக்குப் பிரச்சனை அது இல்ல."

"மூலிகைன்னு போட்டு விக்கறாங்களே?"

"மூலிகை பொட்டலத்துலயும் சீக்கிரம் கறுக்கணும்னு இதையே கலக்கறாங்க. சுத்தமான மருதாணி போடலாம். ஆனா வெள்ளை முடியில அது ஆரஞ்சுதான் ஆகும். அதுக்கு மேல அவுரிப்பொடி போட்டா கறுக்கும். அதுக்கு ஒரு முழு நாள் வேணும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது. இல்லன்னா, மேலாகப் பூசற பவுடர் இருக்கு. தலைக்குக் குளிச்சா போயிடும். அதுல அந்தப் பொருள் இல்லாததாப் பாத்து வாங்கிக்கலாம்." அவர் பேனாவை மூடினார். "இல்லன்னா விட்டுடலாம்."

அவர் தலையும் நரைத்திருந்தது. அவருக்கு அது கோட்டோடு நன்றாகவே பொருந்தியிருந்தது.

விட்டுவிடுவது என்பது சொல்லுக்குத்தான் எளிது. நீளமான கறுப்பு முடியின் வேரிலிருந்து வெள்ளை கிளம்பி வரும். ஒன்று ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரண்டு நிறத் தலையோடு ஒன்றரை வருடம் நடமாட வேண்டும். அதற்கு அவளிடம் நேரம் இல்லை. சர்வீஸ் பிரிவின் தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேரைத்தான் முதலாளி யோசிக்கிறார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. ஒன்று அவள். இன்னொன்று, விற்பனையில் இருந்தாலும், அவளுடைய தம்பி.

முதலாளி என்றால் பழையவர் இல்லை, அவருடைய மகன். அப்பா போனபின் வந்து உட்கார்ந்து இரண்டு வருடமாகிறது. முப்பத்தி சொச்சம் வயது, பணிவானவன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பையன். சின்னவன் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பான். பெரியவள் வந்தால், "வாங்க மேடம், உக்காருங்க" என்பான். இந்த வித்தியாசத்தை அவள் கவனித்தே இருந்தாள். தம்பி சாதுரியக்காரன், பேசி மயக்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அலுவலக மாடிப்படியில் தம்பியைப் பிடித்தாள்.

"டேய், நான் நரையோட வந்தா என்ன ஆகும்? உண்மையச் சொல்லு."

அவன் அவள் வகிட்டைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப வேண்டாம். இத்தனை வருஷம் கறுப்பாப் பாத்துட்டு திடீர்னு இப்படி வந்தா, உனக்கு என்னமோ வியாதின்னுதான் நினைப்பாங்க. பதவி கேக்கற நேரத்துல அது எதுக்கு?"

"உனக்கு மட்டும் வியாதின்னு நினைக்க மாட்டாங்களாக்கும்?"

"எனக்கு வேற."

"என்ன வேற? ஒரே வயித்துல பக்கத்துல பக்கத்துல கிடந்தோம். நீ என்னை உதைச்சுக்கிட்டே வேற இருந்தியாம்."

அவன் சிரித்தான். இறங்கிப் போகும்போது கைப்பிடிச் சுவரின் கண்ணாடியில் காதோரத்தை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டான். பெரியவள் வெகுநேரம் அந்தப் படியிலேயே நின்றாள்.

ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே இரண்டு லிஃப்டுகள், இரண்டும் படுக்கையோடு நோயாளியை ஏற்றுகிற அளவு. ஒன்றில் கதவுக் கோளாறு, பிரித்துப் போட்டிருந்தார்கள். மற்றொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று பேச நிர்வாகி அம்மா கூப்பிட்டிருந்தார். முதலாளி அக்காவையும் தம்பியையும் சேர்த்தே அழைத்துக்கொண்டு கிளம்பினான். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அன்று பார்த்துவிட்டு முடிவெடுக்கப்போகிறான் என்பது கார் ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

காலையில் கண்ணாடி முன்னால் பெரியவள் அந்தப் பவுடர் டப்பியைத் திறந்தாள். வேரில் வெள்ளை விரல் அகலம் வந்திருந்தது. குட்டைத் தூரிகையால் வகிட்டில், நெற்றியோரத்தில், காதுக்கு முன்னால் என்று ஒற்றி ஒற்றி மறைத்தாள். மறைந்தது. நரை இருந்த இடம் தெரியவில்லை.

"மழை வந்தா?" என்றார் கணவர் வாசலிலிருந்து.

"மழை இல்ல."

"வேர்த்தா?"

அவள் டப்பியை மூடினாள்.

ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை அன்று காலையில்தான் ஒல்லி சர்வீஸ் செய்து முடித்திருந்தான். ஒல்லி அந்த வட்டாரத்தின் மெக்கானிக், பேருக்கேற்ற உடம்பு. நல்ல கை, ஆனால் அவசரக்காரன். போன மாதம் ஒரு கட்டடத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டு வந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

எல்லோரும் மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போனார்கள். உள்ளே போகிறவர்கள் தலைக்கவசம் போட வேண்டும் என்பது பெரியவளே போட்ட விதி. மஞ்சள் தொப்பியை வாங்கித் தலையில் வைத்து, தாடைப் பட்டையை இறுக்கினாள். தகரக்கூரை. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அவள் பிரேக் டிரம்மைக் காட்டினாள், கம்பிவடத்தில் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓடவிட்டு, நூல் பிரிந்திருந்தால் துணி எப்படிச் சிக்கும் என்று விளக்கினாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் நிர்வாகி அம்மா கேள்விகளை எல்லாம் சின்னவனைப் பார்த்தே கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் அக்கா பக்கம் திரும்பினான், அவள் சொன்னாள், அவர் மறுபடி அவனைப் பார்த்தே தலையாட்டினார்.

தொப்பிக்குள் வேர்வை ஊறத் தொடங்கியது. முதலில் நெற்றிப் பட்டைக்குள் ஈரம். பிறகு காதுக்கு முன்னால் ஒரு துளி மெல்ல இறங்குகிற உணர்வு. அவள் துடைக்கத் துணியவில்லை. துடைத்தால் இழுவிவிடும்.

கீழே போக லிஃப்டில் ஏறினார்கள். நிர்வாகி அம்மா, முதலாளி, சின்னவன், பெரியவள், கூடவே ஒல்லி. மூச்சு முட்டியது. இனி தாங்காது என்று அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாள். கழற்றும்போது உள்பட்டையில் பட்ட மறு கையால் கைப்பிடியைப் பற்றினாள். தொப்பியின் உள்பட்டையில் தேங்கியிருந்தது எல்லாம் கவிழ்ந்து தரையில் சொட்டியது. அவள் கீழே பார்க்கவில்லை. எதிர்க் கண்ணாடியில் தன் வகிட்டைத்தான் பார்த்தாள். சுண்ணாம்புக்கோடு ஆங்காங்கே வெளிவந்திருந்தது.

"இதென்ன?"

நிர்வாகி அம்மா தன் வெள்ளைக் கோட்டின் கைமடிப்பைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக ஒரு இழுவல். கைப்பிடியைப் பார்த்தார். பளபளத்த எஃகில் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெளிர் நிறத் தரையில் கறுப்புத் துளிகள், அப்போதுதான் விழுந்தவை, இன்னும் மினுங்கிக்கொண்டு.

எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் மேலே திரும்பியது. கூரையில் விசிறித் துவாரம் இருந்தது.

"ஆயில்" என்றான் முதலாளி. குரல் இறங்கிவிட்டிருந்தது. "மேலருந்து சொட்டுது."

லிஃப்ட்காரர்களுக்கு மட்டும்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். கேபினின் மண்டையில், கூரைக்கு வெளியே, வழிகாட்டித் தண்டவாளங்களுக்கு எண்ணெய் விடுகிற கிண்ணங்கள் உண்டு. அது வழிந்தால் வெறும் அசிங்கம். மெஷினிலிருந்து வழிந்தால், பிரேக்கில் பட்டால், கம்பிவடத்தில் பட்டால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது. எங்கிருந்து என்று தெரியும்வரை லிஃப்ட் ஓடக் கூடாது. அதுவும் பெரியவள் போட்ட விதிதான்.

கதவு நடுமாடியில் திறந்தது. ஒல்லி வெளிறிப்போய் நின்றான். "சார், நான் கிண்ணத்துல பாதிதான் ஊத்தினேன் சார். சத்தியமா."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

"இது அது இல்ல சார்…"

"நிறுத்து. இப்பவே நிறுத்து. மேல ஏறி முழுசாப் பிரிச்சுப் பாக்கணும்." முதலாளி நிர்வாகி அம்மாவிடம் திரும்பினான். "மன்னிச்சிடுங்க மேடம். இன்னிக்கு முழுக்க ஆகும்."

"முழுக்கவா? இன்னொண்ணும் ஓடல, இதுவும் நின்னா? மேல ஆப்பரேஷன் முடிஞ்சு ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல காத்திருக்காரு. வயித்துல தையலோட மாடிப்படியிலயா தூக்கிட்டு வர்றது?"



பெரியவள் தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஒரு ஈரத்துணி இருந்தால் போதும். பவுடர் தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. ஆனால் துணியை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். எடுக்காமல் விட்டால் ஒல்லியின் வேலை போகும், படியில் ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்கும். நிமிர்ந்தால் கண்ணாடி. அதில் தன்னுடைய தலையும், தோளுக்குப் பின்னால் தம்பியின் தலையும். அவன் தரையைப் பார்க்கவில்லை. அவள் காதோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கறுப்புக் கோடு கன்னம் வரை இறங்கியிருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் சந்தித்தன. அவன் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காக மௌனம் காக்கிறானா, தனக்காகவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே வயிற்றில் கிடந்தவன் முகம், அதைப் படிக்க முடியவில்லை.

முதலாளி ஒல்லியிடம், லிஃப்டை நிறுத்தும் சாவிக்குக் கை நீட்டினான்.

"அது ஆயில் இல்ல" என்றாள் பெரியவள்.

"மேடம்?"

"ஆயில் இல்ல சார். என் தலை."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்பட்டை கறுத்துக் கிடந்தது. பிறகு கைக்குட்டையால் காதோரத்தை அழுந்தத் துடைத்து, அதை விரித்துப் பிடித்தாள். துடைத்த இடத்தில் வெள்ளை முடி பளிச்சென்று தெரிந்தது.

"நரைய மறைக்கப் பூசினது. வேர்வையில கரைஞ்சிருச்சு. தண்ணி தொட்டுத் துடைச்சுப் பாருங்க, போயிடும். இவன் எதையும் கொட்டல."

ஒல்லி குனிந்து, எச்சில் தொட்ட விரலால் ஒரு துளியைத் தேய்த்தான். அவன் செய்ததிலேயே அதுதான் பெரிய அசட்டுத்தனம், ஆனால் யாரும் திட்டவில்லை. துளி கரைந்து பழுப்பாக ஓடியது.

நிர்வாகி அம்மாவின் கை, அவருக்கே தெரியாமல், தன் வகிட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. கரிய, ஒரு இழைகூடக் கலையாத தலை அவருடையது.

முதலாளிக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. "இதை எதுக்கு மேடம்… உங்களுக்கு என்ன வயசாச்சு, அதுக்குள்ள?" என்றான். சமாதானப்படுத்தத்தான் சொன்னான். "நீங்க சின்னவங்க. சார் மாதிரின்னா ஒரு…" சின்னவனைக் காட்டினான். "அண்ணனுக்கு நரைச்சா அது வேற."

"அண்ணனா?"

"சார் உங்க அண்ணன்தானே? ஏழெட்டு வருஷம் பெரியவர்னு…"

பெரியவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். இந்த முறை கண்ணாடியில் இல்லை, நேராக. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படி நீ சொன்னியா?"

"நான் சொல்லல" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "மறுத்தும் சொல்லல" என்றான்.

"நாங்க இரட்டை சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நான் பெரியவ. சில நிமிஷம்தான், இருந்தாலும் பெரியவ. இந்தக் கம்பெனிக்கும் நான்தான் முதல்ல வந்தேன். இவன் தலையும் என் தலையும் ஒண்ணுதான். இவன் நரைக்கு நீங்க எழுந்து நிக்கறீங்க. என் நரைக்கு உங்க அப்பா என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. கறுப்படிச்சேன். இப்ப நீங்க என்னைச் சின்னப் பொண்ணுன்னு ஒதுக்கறீங்க. எப்படி வந்தா சரின்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே வர்றேன்."

முதலாளி பார்வையைத் தரைக்கு இறக்கினான். சொல்ல ஏதாவது இருந்திருந்தால் அந்தப் பையன் சொல்லியிருப்பான். கெட்டவன் இல்லை.

"முதல்ல ஸ்ட்ரெச்சர் வரட்டும்" என்றாள். "அதுக்கு முன்னாடி லிஃப்டோட மண்டையை ஒரு தடவை பாத்துடலாம். என் தலைதான்னு எனக்குத் தெரியும். ஆனா சந்தேகம்னு வாய் திறந்தாச்சு, பாக்காம ஓட்ட மாட்டேன்."

பார்த்தார்கள். கிண்ணங்களில் எண்ணெய் பாதியளவுதான் இருந்தது. கூரை காய்ந்து கிடந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். லிஃப்ட் மேலே போய், தையல் போட்ட மனிதரோடு இறங்கி வந்தது. அவர் மயக்கத்திலேயே இருந்தார்.

திரும்பும்போது காரில் அக்காவும் தம்பியும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம். வெகுதூரம் வந்த பிறகு அவன் சொன்னான்:

"முதல் நாள் அவரே அண்ணன்னு சொன்னாரு. திருத்தலாம்னு வாயெடுத்தேன். அப்ப அவரு எழுந்து நின்னாரு. நல்லா இருந்துச்சு பெரியவளே. அவ்வளவுதான்."

அவள் ஜன்னலை இறக்கினாள். காற்றில் மீதிப் பவுடரும் போகட்டும் என்று இருந்தாள். அவளுக்கு ஆத்திரமெல்லாம் அவன் பொய் சொன்னான் என்பதில்கூட இல்லை. அந்த மாதிரி ஒரு பொய், சும்மா இருந்தாலே கிடைக்கிற பொய், தனக்கு ஒருநாளும் வாய்க்காது என்பதில்தான்.

அன்று மாலை பார்லருக்குப் போனாள். பார்லர்காரி பழக்க தோஷத்தில் கிண்ணத்தை எடுத்தாள்.

"அது வேண்டாம். வெட்டிடு. கறுப்பு முழுக்கப் போகற வரைக்கும்."

"அய்யய்யோ மேடம், அவ்வளவு ஒட்டவா? பையன் மாதிரி ஆயிடுவீங்க."

"ஆனா என்ன? பையன்களுக்குத்தான் நரைச்சா மரியாதையாமே."

பார்லர்காரி வயிறு குலுங்கச் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முடி தரையில் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதவி சின்னவனுக்கே போனது. ஆணையைத் தயார் செய்தாயிற்று என்றான் முதலாளி, கண்ணைப் பார்க்காமல். ஒரு வருடம் அவன் அந்த நாற்காலியில் இருந்தான். பழுது என்று வந்த அழைப்புகளுக்கெல்லாம் அக்காவைத்தான் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அலுத்துப்போய், தானே கேட்டு விற்பனைக்குத் திரும்பினான். அதன்பிறகு நாற்காலி பெரியவளுக்கு வந்தது. இப்போது முதலாளி அவளுக்கும் எழுந்து நிற்கிறான். புதிய வாடிக்கையாளர்களில் சிலர் அவளைப் பார்த்த பிறகு இன்னமும் போனில், "வேற யாராவது, கொஞ்சம் சின்ன வயசா, அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறார்கள். அவள் தானேதான் போகிறாள். அக்காவும் தம்பியும் சில மாதம் பேசாமல் இருந்தார்கள், பிறகு பேசினார்கள். ஆனால் யாரும் கேட்காமலே அவன் தன்னைத் தம்பி என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான். ஒல்லிக்கு வேலை போகவில்லை. அவன் இப்போது கிண்ணங்களைப் பாதிக்கும் கீழேதான் நிரப்புகிறான், அதற்காக அவளிடம் திட்டு வாங்குகிறான். மருத்துவமனை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. நிர்வாகி அம்மாவின் தலை இன்றும் கறுப்புதான். வழுக்கைக் கணவர் தன் நகைச்சுவையை மீண்டும் சொல்லத் தொடங்கிவிட்டார். பவுடர் டப்பி குளியலறை அலமாரியில் பாதியோடு கிடக்கிறது. அவள் அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.